இடது காது, வலது காது: கரண்ட் வந்ததும் வீடியோவில் விழுந்த பட்டைகள்

யாங்கோனில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் காதுகுத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். பெண் குழந்தை, 11 மாதம். விசேஷம் அவர்கள் வீட்டு முன்கூடத்தில். என்னிடம் இருந்தது பழைய கேனன் 700டி ஒன்று, அதோடு வந்த 18-55 லென்ஸ், 16 ஜிபி மெமரி கார்டு இரண்டு. இது 2013-இல் வந்த மாடல். நான் இரண்டாவது கையாக, ஒருவேளை மூன்றாவது கையாக, வாங்கியது. அன்று நடந்த ஒரு தவறையும் அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதையும் விவரமாக எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒரு கேமராவையும் சாதாரண லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு வீட்டு விசேஷங்களுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் எப்படியும் ஒருநாள் வரும்.

குடும்பம் கேட்டது இரண்டு: ஒரு சிறிய ஆல்பம், மூன்று நிமிட வீடியோ. வீடியோ யாருக்கு என்றால், மணிப்பூரில் மோரேயில் இருக்கும் குழந்தையின் பெரிய பாட்டிக்கு. பர்மாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து, திரும்பவும் பர்மாவுக்கே போக முயன்று எல்லையில் தடுக்கப்பட்ட தமிழர்களில் சிலர் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார்கள் அல்லவா, அந்தக் குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. "அத்தை வர முடியல தம்பி, காது குத்துற நேரத்த மட்டும் தெளிவா எடுத்திடுங்க" என்று குழந்தையின் அம்மா இரண்டு முறை சொன்னார்.

கேமரா ஒன்று, ஆளும் ஒருவன் என்னும்போது முதலில் முடிவுசெய்ய வேண்டியது எதைப் படமாக எடுப்பது, எதை வீடியோவாக எடுப்பது என்பதைத்தான். 700டி-யில் வீடியோ ஓடும்போதே ஷட்டரை அழுத்திப் படம் எடுக்கலாம். ஆனால் அந்த இடத்தில் வீடியோ ஏறக்குறைய ஒரு வினாடி அப்படியே உறைந்து நிற்கும். காது குத்துவது அரை வினாடி வேலை. உறையும் அந்த ஒரு வினாடி எதைத் தின்னும் என்று விளக்க வேண்டியதில்லை. நல்லவேளையாகக் காது இரண்டு. முதல் காதை வீடியோவாக எடுப்பது, இரண்டாவது காதைப் படமாக எடுப்பது என்று திட்டம் போட்டேன். மொட்டை அடிப்பது முற்றத்தில் பகல் வெளிச்சத்தில் நடந்ததால் அதை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ள முடிந்தது.

கூடத்தில் இடம் பார்த்தேன். தாய்மாமன் பாயில் சம்மணம் போட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வார். அவருக்கு இடப்பக்கம் பெரிய ஜன்னல், பின்னால் வெளிர் நீலச் சுவர், கூரையில் நான்கு எல்இடி பட்டை விளக்குகள். பெண் குழந்தைக்கு இடது காதில்தான் முதலில் குத்த வேண்டும் என்று வீட்டுப் பாட்டி சொல்லிவிட்டார். இடது காது ஜன்னல் பக்கம். அதற்கு நல்ல வெளிச்சம் விழும். வலது காது அறையின் உள்பக்கம். அதற்கு விளக்குதான் கதி. காலையிலிருந்து கரண்ட் இல்லை. எங்கள் ஊரில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். அந்தத் தெருவின் முறை எப்போது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ஓர் ஐந்து வினாடி எடுத்துப் பார்த்தேன். குழந்தையின் மொட்டைத் தலையில் பூசிய சந்தனமும் பக்கத்து வீட்டு பர்மியப் பெண்கள் கன்னத்தில் பூசிய தனகா என்ற மரப்பட்டைப் பசையும் அதனதன் நிறத்தில் வந்தன. திருப்தியாக இருந்தது. இந்த இடத்தில்தான் தவறு செய்தேன். கேமராவைத் தானியங்கி வீடியோ முறையிலேயே விட்டுவிட்டேன்.

ஆசாரி காதில் பொட்டு வைத்து இடம் குறித்தார். நான் பதிவைத் தொடங்கினேன். அவர் கம்பியை எடுத்துக் குனிந்த நேரத்தில் தெரு முழுக்க "மீ லா பீ!" என்று ஒரே சத்தம். கரண்ட் வந்தால் பர்மியர், தமிழர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லார் வாயிலும் வருகிற சொல் அது. நான்கு விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. கூடம் பிரகாசமானது. கம்பி காதில் இறங்கியது, குழந்தை வீறிட்டது. நான் கேமராவை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாட்டி குழந்தையைத் தூக்கிச் சமாதானப்படுத்தப் போனார். அந்த இடைவெளியில் எடுத்ததை ஓட்டிப் பார்த்தேன். குழந்தையின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் இருந்த நீலச் சுவரில்தான் கண்டேன்: விளக்கு எரிந்த நொடியிலிருந்து இருண்ட கிடைமட்டப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருந்தன. மூன்று அங்குலத் திரையிலேயே தெரிகிறதென்றால் டிவியில் போட்டால் எப்படி இருக்கும் என்று வயிறு கலங்கியது.

இதன் காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பரிகாரம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. பர்மாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த மின்சாரத்தில் எரியும் மலிவான எல்இடியும் பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்கு அது தெரியாது. கேமரா சென்சாரோ முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரைக்கும் வரி வரியாக எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு வரி விளக்கின் பிரகாசமான கணத்தில் திறந்தால் அதற்கு ஒளி கூடுதல். அடுத்த சில வரிகள் மங்கும் கணத்தில் திறந்தால் அவற்றுக்குக் குறைவு. அந்த வித்தியாசம்தான் பட்டை.

ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் ஷட்டர் வேகம். அது 1/100 வினாடி என்றால் எல்லா வரிகளுக்கும் சரியாக ஒரு முழுத் துடிப்பு கிடைக்கும். 1/50 என்றால் இரண்டு முழுத் துடிப்பு. எந்த வரி எப்போது திறந்தாலும் கணக்கு ஒன்றுதான், பட்டை விழாது. 1/125 என்றால் முக்கால் துடிப்புக்குச் சற்று அதிகம், அவ்வளவே. சில வரிகளுக்குத் துடிப்பின் உச்சி தவறும், சில வரிகளுக்கு அடி தவறும். ஷட்டர் இதற்கும் வேகமாகப் போகப் போகப் பட்டை கறுத்துக்கொண்டே போகும். தானியங்கி முறையில் இருந்த என் கேமரா விளக்குகள் எரிந்ததும் வெளிச்சம் கூடிவிட்டதென்று ஷட்டரை வேகப்படுத்தியிருக்கிறது.

இன்னொன்றும் அப்போதே தோன்றியது. இடது காதுக்கு ஜன்னல் வெளிச்சம் இருந்தது. பகல் வெளிச்சம் துடிப்பதில்லை. அது விளக்கொளியோடு கலந்ததால்தான் முகத்தில் பட்டை மழுங்கிப்போயிருந்தது. வலது காதில் ஜன்னல் உதவி கிடையாது. இதே அமைப்பில் எடுத்தால் பட்டை குழந்தையின் கன்னத்திலேயே விழும்.

திட்டத்தை மாற்றினேன். இரண்டாவது காதையும் வீடியோவாகவே எடுப்பது, ஆல்பத்துக்கான படத்தை வீடியோவிலிருந்து பிரித்துக்கொள்வது. கேமராவை `M` முறைக்குத் திருப்பினேன். ஷட்டர் 1/50. லென்ஸ் 35 மில்லிமீட்டரில் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, அதாவது எஃப் 4.5. ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றினால்தான் முகம் சரியான வெளிச்சத்தில் வந்தது. சுவரைக் காட்டி இரண்டு வினாடி எடுத்துப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. பட்டையைச் சோதிக்க வெறும் சுவரைவிட நல்ல இடம் இல்லை; முகத்தையும் பட்டுப்புடவையையும் பார்த்தால் கண் ஏமாந்துவிடும்.

அந்த அவசரத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். அது தேவையே இல்லாதது. மெனுவுக்குள் போனபோது `Video system` என்ற இடத்தில் `NTSC` என்று இருந்தது. முன்பு வைத்திருந்தவர் விட்டுப்போனது. நானும் வாங்கியதிலிருந்து மாற்றவில்லை. 50 ஹெர்ட்ஸ் ஊருக்கு `PAL` என்று எங்கேயோ படித்த ஞாபகத்தில் உடனே மாற்றினேன். முதலாவதில் வினாடிக்கு 30 சட்டம், அதாவது 30 தனிப்படம், இரண்டாவதில் 25. பட்டையை ஒழிப்பது ஷட்டர் வேகம்தான். 30 சட்டத்திலும் 1/50 வைத்தால் பட்டை வராது. விசேஷத்தின் நடுவே சட்டக் கணக்கை மாற்றியதில் எனக்குக் கிடைத்தது, ஒரே வீடியோவுக்குள் இரண்டு விதமான கிளிப்புகள். மாற்றுவதென்றால் முதல் நாளே வீட்டில் மாற்றியிருக்க வேண்டும்.

வலது காது நன்றாக வந்தது. குழந்தை முதல் காதிலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டதால் ஆசாரி கிட்டே வந்ததுமே அழுதது. மாமன் அதன் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். இதனால் தலை அசையவில்லை. 1/50 ஷட்டரில் அசைவு கொஞ்சம் கலங்கித்தான் விழும். தலை அசையாததால் அந்த ஒரு சட்டத்தைப் படமாகப் பிரிக்க முடிந்தது.

இனி லேப்டாப் வேலை. அது 8 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரணப் பெட்டி. 700டி-யின் முழு அளவு வீடியோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 330 எம்பி. அதை அப்படியே எடிட்டிங்கில் போட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் படம் திக்கித் திக்கித்தான் ஓடும். நான் Kdenlive வைத்திருக்கிறேன், இலவசம். அதில் ப்ராக்ஸி வசதியை இயக்கினால் ஒவ்வொரு கிளிப்புக்கும் சிறிய நகல் ஒன்று செய்துகொள்ளும். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நகலில் நடக்கும். கடைசியில் வெளியே எடுக்கும்போது மூலக் கோப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். நகல் செய்ய ஆகும் நேரத்தைக் கரண்ட் இருக்கும்போது ஒதுக்கிக்கொண்டால், கரண்ட் போன பிறகு பேட்டரியிலேயே வெட்டும் வேலையைப் பார்க்கலாம்.

முதல் காது கிளிப்பைத்தான் எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு மாலை முழுதும் உட்கார்ந்தேன். பட்டை ஊர்வதை ஒவ்வொரு சட்டமாகத் தள்ளிப் பார்த்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. நான்காவது சட்டத்தில் பட்டை முதல் சட்டத்தில் இருந்த இடத்துக்கே திரும்ப வந்தது. யோசித்தால் கணக்கு நேராக இருக்கிறது. 100 துடிப்பை 30 சட்டத்துக்குப் பங்கிட்டால் சட்டத்துக்கு மூன்றேகாலுக்குச் சற்று மேல், சரியாகச் சொன்னால் மூன்றும் மூன்றில் ஒரு பங்கும். அந்த மூன்றில் ஒரு பங்கு மீதிதான் ஒவ்வொரு சட்டத்திலும் பட்டையை நகர்த்துகிறது. ஆகவே அடுத்தடுத்த மூன்று சட்டங்களைக் கலந்து சராசரி எடுத்தால் ஒன்றின் இருட்டை மற்றதன் வெளிச்சம் நிரப்பிவிடும். ffmpeg என்ற இலவச வீடியோ நிரலில் அதற்கு ஒரு வடிகட்டி இருக்கிறது:

```
ffmpeg -i MVI_0231.MOV -vf "tmix=frames=3,setpts=1.2*PTS" -r 25 -an -crf 18 kaadhu1.mp4
```

`tmix=frames=3` என்பது மூன்று சட்டங்களைக் கலப்பது. `setpts=1.2*PTS` என்பது 30 சட்டத்தை 25 சட்டமாக்க வேகத்தைக் குறைப்பது. 10 வினாடிக் கிளிப் 12 வினாடி ஓடும். வேகம் குறைத்தால் சத்தம் பொருந்தாது, அதனால் `-an` போட்டுச் சத்தத்தை விட்டுவிட்டு அதைத் தனியாக எடுத்துக்கொண்டேன். இரண்டு கிளிப்பும் ஒரே கணக்குக்கு வந்துவிட்டதால் வெளியே எடுக்கும்போது சட்டம் தாவுகிற திக்கலும் இல்லை.

சுவர் ஏறக்குறைய முழுக்கத் தெளிந்துவிட்டது. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல பலன். இந்த வழி 30 சட்டத்தில் பலிக்கும், 25 சட்டத்தில் பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 25 சட்டத்தில் சட்டத்துக்குச் சரியாக நான்கு துடிப்பு. பட்டை நகராமல் ஒரே இடத்தில் நிற்கும், எத்தனை சட்டத்தைக் கலந்தாலும் அதே இடம்தான். ஆக, கையில் கெட்டுப்போன கிளிப் இருந்தால் முதலில் பட்டை நிற்கிறதா ஊர்கிறதா என்று பாருங்கள்.

மூன்று சட்டம் கலந்ததற்கு விலையும் உண்டு. அசையும் எதற்கும் ஆவி மாதிரி நிழல் விழும். மாமன் உட்கார்ந்திருப்பது, பாட்டி தட்டைப் பிடித்திருப்பது, குழந்தை விளக்கை நிமிர்ந்து பார்ப்பது, இவற்றில் அது தெரியவில்லை. ஆசாரியின் கை இறங்கும் இடத்தில் விரல் மூன்று மூன்றாகத் தெரிந்தது. அந்த இரண்டு வினாடிக்கு மட்டும் கலக்காத மூலத்தை எடுத்து, அதே அளவு வேகம் குறைத்து, சட்டத்தை நெருக்கி வெட்டினேன். வீடியோவை 1280-க்கு 720 அளவில் கொடுப்பதாக இருந்ததால், 1920 அகலமுள்ள மூலத்தை ஒன்றரை மடங்கு நெருக்கினாலும் தெளிவு குறையாது. நெருக்கியதும் சுவர் வெளியே போய்விட்டது. மிஞ்சியது காதும் கன்னமும் ஆசாரியின் விரலும். அங்கே ஜன்னல் வெளிச்சம் விழுந்ததால் பட்டை கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

சத்தத்தில் "மீ லா பீ" என்ற கூச்சலை எடுத்துவிடலாமா என்று குழந்தையின் அப்பா கேட்டார். வைத்துக்கொள்வோம் அண்ணே என்றேன். விளக்கு ஏன் திடீரென்று எரிகிறது என்று பார்ப்பவருக்குப் புரிய அந்தச் சத்தம் வேண்டும். அதோடு, அந்தக் குழந்தை பிறந்த ஊரும் காலமும் எப்படி இருந்தது என்பது அந்த ஒரு கூச்சலில் இருக்கிறது. அவரும் சரி என்றார்.

ஆல்பத்துக்கான படத்தை இரண்டாவது காது கிளிப்பிலிருந்து பிரித்தேன். வீடியோவின் ஒரு சட்டம் 1920-க்கு 1080 புள்ளி. 4-க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 1800-க்கு 1200 வேண்டும். அகலத்தில் போதும், உயரத்தில் கொஞ்சம் குறைகிறது; 1620-க்கு 1080 என்று வெட்டினால் அங்குலத்துக்கு 270 புள்ளி வரும். கையில் பிடித்துப் பார்க்கும் அளவுக்கு அது நன்றாகவே இருந்தது. பாட்டி சுவரில் மாட்ட பெரிதாகக் கேட்டார். இதைப் பெரிதாக்கினால் உடைந்துவிடும் என்று சொல்லி, முற்றத்தில் மொட்டை போட்டபோது எடுத்த 18 மெகாபிக்சல் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் கரண்ட் திரும்பவும் போய், பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்தார்கள். 1/50-ஐ மாற்றாமல் பந்தியை எடுத்தேன். சுவரில் மிக மெல்லிய பட்டை மெதுவாக ஊர்ந்தது. சிறிய ஜெனரேட்டர் சரியாக 50-இல் ஓடுவதில்லை. பாரம் குறைந்தால் 52-க்குக்கூட ஏறும். அப்போது துடிப்பு 104 ஆகிவிடும், 1/50-க்குள் இரண்டு முழுத் துடிப்பு அடங்கினது போக ஒரு துளி மிஞ்சும். அந்தத் துளிதான் தெரிகிறது. சாப்பிடுகிற காட்சிக்கு அது பாதகமில்லை. முக்கியமான நேரமாக இருந்தால், ஜெனரேட்டர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு எல்லாரையும் ஜன்னல் ஓரமாக உட்காரவைப்பேன். வாசலில் தொங்கவிட்ட நிறம் மாறும் சீரியல் விளக்குக்கு மட்டும் எந்த ஷட்டரும் ஒத்துவரவில்லை. அதன் துடிப்புக்கும் கரண்டின் 50-க்கும் சம்பந்தம் இல்லை. அதைப் பின்னணியில் விழாமல் தள்ளி நின்றுகொண்டேன்.

மூன்று நிமிட வீடியோவை மெசேஜ் செயலி வழியாக அனுப்பினால் அது மேலும் சுருக்கிவிடும். சுருக்கினால் சுவர் திட்டுத் திட்டாகிவிடும் என்பதால் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மோரேக்கு மட்டும் செயலியில் கோப்பாக இணைத்து அனுப்பச் சொன்னேன். வீடியோ என்று தேர்ந்தெடுக்காமல் கோப்பு என்று தேர்ந்தெடுத்தால் அது அப்படியே போகும். கரண்டும் நெட்டும் சேர்ந்து இருந்த ஓர் இரவில் அது போய்ச் சேர்ந்தது. பெரிய பாட்டி பார்த்துவிட்டு, வலது காதுக்கு முதலிலேயே அழுததைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாராம். "அவ அம்மாவும் இப்படித்தான், ரெண்டாவது காதுக்கு ஊசி வர்றதுக்கு முன்னாடியே அழுதா" என்றாராம்.

இப்போது என் கேமரா 25 சட்டத்திலும் `M` முறையிலும் 1/50-இலும்தான் பையிலிருந்து வெளியே வருகிறது. விசேஷ வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் அதை மாற்றுவதில்லை.